நிறுத்துவதற்கு இரண்டு சொற்கள்

கதைக்கு இன்னும் தலைப்பு வைக்கவில்லை. கோப்புக்கு 'பி.டி.டி.' என்று பெயர் கொடுத்து அனுப்பியிருந்தார் எழுதியவர். தென்னேரிக்காரர். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர். அச்சில் வராத கதை என்பதால் இப்போதைக்குத் தன் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். படித்து எழுத மட்டும் அனுமதி கிடைத்தது.

கதையில் நடப்பது ரொம்பச் சின்ன விஷயம். பன்னிரண்டு பேர் தங்கும் ஒரு டார்மெட்ரி அறை. அடுக்குக் கட்டில்கள். மறுநாள் காலை அவனுக்குப் பரீட்சை. லைசென்ஸ் எடுப்பதற்கான முதல் பரீட்சை. ஒரு நாள் லீவு சொல்லியாகிவிட்டது, அந்த நாள் சம்பளமும் ஓட்டியும் போயாச்சு. ராத்திரி ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை அவன் சாலை விதிகளைப் படிக்கிறான். அவ்வளவுதான் கதை. யாரும் சாகவில்லை, யாரும் ஏமாற்றப்படவில்லை, பாஸ்போர்ட்டை யாரும் பிடுங்கி வைக்கவில்லை.

புலம்பெயர் தொழிலாளியைப் பற்றிய கதை என்றால் நாம் எதற்குத் தயாராகி உட்காருவோம் என்று யோசித்துப் பாருங்கள். பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' 2008இல் வந்ததிலிருந்து அந்த எதிர்பார்ப்பு இன்னும் கெட்டியாகிவிட்டது. பாலைவனம், தனிமை, மொழி தெரியாமல் மாட்டிக்கொண்ட ஒரு மனிதன். அந்த நாவலின் நஜீபுக்கு முன்னால் படிப்பதற்கு எதுவும் இல்லை. கேட்கிற மொழியும் புரியாது. இந்தக் கதையில் இருப்பவனிடம் ஒரு புத்தகம் இருக்கிறது, அதுவும் தமிழில் பரீட்சை எழுதலாம் என்ற வசதியோடு. ஒருவன் கஷ்டப்படுவதை எழுதுவதைவிட, ஒருவன் மேலே போக முயற்சி செய்வதை எழுதுவது கடினம். கஷ்டம் வாசகரை உடனே பக்கத்தில் இழுத்துக்கொள்ளும். முயற்சிக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு விவரம் வேண்டும்.

அந்த விவரம் கதையில் இருக்கிறது. பி.டி.டி. என்றால் என்ன என்று கதை விரித்துச் சொல்வதில்லை. தெரியாதவர்களுக்காக நான் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள முதலில் தாண்ட வேண்டிய அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு அது. 50 கேள்வி, 50 நிமிஷம், திரையைத் தொட்டு விடை சொல்ல வேண்டும். 45 சரியாக இருந்தால் பாஸ். அதன் பிறகுதான் பழகுநர் உரிமம், பிறகு இன்னொரு கோட்பாட்டுத் தேர்வு, பிறகு ரோட்டில் ஓட்டிக் காட்டுவது.

நம்ம ஊரில் நூற்றுக்கு முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்று வளர்ந்தவனுக்கு இங்கே தொண்ணூறு வேண்டும். கதை இந்தக் கணக்கை மாற்றிப் போடுகிறது. எத்தனை சரியாக எழுத வேண்டும் என்று அவன் எண்ணுவதில்லை, எத்தனை தப்பு விடலாம் என்று எண்ணுகிறான். அஞ்சு. கை விரலை விரித்துப் பார்க்கிறான். ஒவ்வொரு முறை குழம்பும்போதும் ஒரு விரலை மடக்கிக்கொள்கிறான். பதினோரு மணிக்கு ஒரு கை முழுக்க மடங்கிப்போகிறது. மறுபடி முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறான். பதற்றம் என்ற சொல்லே இல்லாமல் பதற்றத்தைக் காட்டும் பக்கம் அது.

அறையில் யாருக்கும் பெயர் இல்லை, ஊர்தான் பெயர். புதுக்கோட்டை அண்ணன், திருவாரூர், மேல் கட்டிலில் ஒரு பங்களாதேஷ் பாய். அவனை எல்லோரும் 'காஞ்சிபுரம்' என்று கூப்பிடுகிறார்கள். தென்னேரி என்று சொன்னால் யாருக்கும் தெரியவில்லை, பட்டுச்சேலை ஊர் என்றால்தான் புரிகிறது. இந்த இடத்தில் வருத்தப்பட்டு ஒரு பத்தி எழுதியிருக்கலாம். ஆசிரியர் ஒரே வரியில் தாண்டிப்போகிறார்.

அவன் ஏன் சிங்கப்பூருக்குப் போனான் என்ற கேள்விக்கும் கதை ஒரு பஸ்ஸை வைத்துத்தான் பதில் சொல்கிறது. தென்னேரிப் பக்கத்துப் பசங்களுக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகள்தான் வழக்கமான பாதை. தறியில் உட்கார மனசில்லாதவர்கள் கம்பெனி பஸ் ஏறுவார்கள். இவனும் ஏறியிருக்கிறான். அந்த பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை நடக்கும் என்று கதையில் ஒரு நினைவு வருகிறது. இரண்டு பக்கம் தள்ளி, சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் லாரியின் பின்தட்டில் அவன் உட்கார்ந்திருக்கிறான். அதிகச் சம்பளத்துக்காகக் கடல் தாண்டியவன் சீட்டை இழந்திருக்கிறான். கதை இதைச் சொல்வதில்லை. இரண்டு வண்டிகளையும் அடுத்தடுத்து நிறுத்திவிட்டுப் போகிறது.

'நிறுத்தி' என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றேதான் எழுதினேன். கதையின் மையம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

சிங்கப்பூர்ச் சாலையோரத்தில் மஞ்சள் கோடுகள் உண்டு. இரண்டு வகை மட்டும் தெரிந்தால் போதும். இரட்டை நேர்க்கோடு இருந்தால் அங்கே எந்த நேரத்திலும் வண்டியைப் பார்க் செய்யக் கூடாது. ஆனால் ஆள் ஏற, இறங்க ஒரு நொடி நிற்கலாம். அதே இரட்டைக் கோடு நெளிநெளியாக வளைந்து போனால் எதற்காகவும் நிற்கக் கூடாது. நேர்க்கோட்டுக்கும் நெளிகோட்டுக்கும் உள்ள வித்தியாசம் பார்க் செய்வதற்கும் ஸ்டாப் செய்வதற்கும் உள்ள வித்தியாசம்.

அவன் தமிழில் எழுதப் பெயர் கொடுத்திருக்கிறான். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று என்பதால் அந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். மேல் கட்டில் பாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை, வங்காளம் அந்த நான்கில் கிடையாது. அவர் எப்பவோ ஆங்கிலத்தில் எழுதிப் பாஸாகி இப்போது கம்பெனி லாரி ஓட்டுகிறார். அறையில் எல்லோரும் இவனைப் பார்த்து, "உனக்கின்னா, தமிழ்லயே கேப்பான்" என்று அவன் பேச்சையே திருப்பிக் கிண்டல் செய்கிறார்கள். ஆனால் தமிழில்தான் மாட்டிக்கொள்கிறான். அவன் கையில் இருக்கும் ஜெராக்ஸ் தாள்களில் இரண்டு கேள்விக்கும் 'நிறுத்தக் கூடாது' என்றுதான் இருக்கிறது. சிவப்பு விளக்கில் நிறுத்துவதும் நிறுத்தம்தான், மரத்தடியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் நிறுத்தம்தான். நாம் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் காட்சி இப்படி வருகிறது. புதுக்கோட்டை அண்ணன் கேள்வியை வாசிக்கிறார்.

"தம்பி, ரெட்டை மஞ்சக் கோடு. நேரா போவுது. நிறுத்தலாமா, கூடாதா?"

"கூடாதுண்ணா."

"ஆள் எறக்க?"

"நிறுத்தலாம்ண்ணா."

"இப்பதானே கூடாதுன்ன?"

மேலிருந்து பாய் தலையை நீட்டிச் சொல்கிறார்: "ஸ்டாப் கேன். பார்க் கேன்னாட்."

கட்டட வேலைத்தளத்தில் எல்லா நாட்டுக்காரர்களும் பேசிக்கொள்ளும் உடைந்த ஆங்கிலம் அது. நாலே சொல்லில் விஷயம் முடிந்தது. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான்: "நிறுத்தலாம். நிறுத்தி வெக்கக் கூடாது."

இந்த வரிக்காகவே கதையைப் படிக்கலாம். 'வை' என்ற துணைவினை நம் பேச்சில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இலக்கணப் புத்தகம் எனக்கு இப்படிக் காட்டியதில்லை. சொல்லி வை, எடுத்து வை, மூடி வை. ஒரு காரியத்தைச் செய்து, அதன் விளைவை அப்படியே விட்டு வைப்பது. பார்க்கிங் என்பதற்குப் பேச்சுத் தமிழில் ஏற்கெனவே துல்லியமான சொல் இருந்திருக்கிறது. 'நிறுத்தம்', 'நிறுத்துதல்' என்று பெயர்ச்சொல்லாக்கி மரியாதைப்படுத்தும்போது அந்த 'வை' கழன்று விழுந்துவிடுகிறது. அதை ஒரு வங்காளியின் ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்து அவன் மீட்டெடுக்கிறான்.

இன்னொரு விஷயத்துக்காகவும் ஆசிரியரைப் பாராட்ட வேண்டும். 'நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் நாங்கள்தான்' என்று அவர் எழுதவில்லை. கையில் அப்படி ஒரு சொல் கிடைத்தால் நம்மில் பாதிப் பேர் எழுதியிருப்போம். அவனுக்கு அது நாளைக்கு ஒரு மார்க், அவ்வளவுதான்.

விதிகளுக்கும் ரோட்டுக்கும் உள்ள தூரத்தை அவன் ஏற்கெனவே உடம்பால் அறிந்தவன் என்பது கதையின் அடுத்த அடுக்கு. சிங்கப்பூரில் சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது பொதுவாகத் தடை. ஆனால் முதலாளி தன் தொழிலாளிகளைக் கூட்டிப்போக விலக்கு உண்டு. அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. மேலே கூரை, பக்கத்தில் கம்பித் தடுப்பு, ஒரு ஆளுக்கு 8 சதுர அடி இடம். பின்தட்டில் உட்காருபவருக்கு சீட்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. முன்னால் டிரைவர் பெல்ட் போடாவிட்டால் தண்டனை. ஒரே வண்டி, நடுவில் ஒரு தகரம், இரண்டு சட்டம். அவன் படிக்கும் கேள்விகள் எல்லாம் தகரத்துக்கு முன்பக்கம் இருப்பவருக்கானவை. இந்தப் பரீட்சை அவனைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாற்றும்.

இதை ஒரு முன்னேற்றக் கதையாக முடித்துவிடாமல் தடுப்பது ஒரே ஒரு உண்மை. அந்தக் கம்பெனியில் டிரைவர் என்று தனியாக ஒரு வேலை கிடையாது. பகல் முழுக்கக் கம்பி கட்டிவிட்டு, சாயங்காலம் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும். மேல் கட்டில் பாய் அதைத்தான் செய்கிறார். கதை நெடுகப் பாதித் தூக்கத்தில்தான் பேசுகிறார். முதல் வாசிப்பில் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டு கடந்துபோனேன். இரண்டாவது முறைதான் உறைத்தது, நாளைக்காலை இந்தப் பதினோரு பேரையும் ஓட்டிப்போகப் போகிறவர் தூங்க முடியாமல் இவனுக்காக விழித்திருக்கிறார்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2021 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரின் பி.ஐ.இ. விரைவுச்சாலையில் 17 தொழிலாளிகளை ஏற்றிப்போன லாரி, நின்றுகொண்டிருந்த ஒரு டிப்பர் மேல் மோதியது. பின்னால் இருந்தவர்களில் இரண்டு பேர் இறந்தார்கள், ஒருவர் பங்களாதேஷ்காரர், ஒருவர் இந்தியர். அதற்குப் பிறகு 2023 ஜனவரியிலிருந்து சில விதிகள் வந்தன. வேறு வேலையும் பார்க்கும் டிரைவர் ஆறு மணி நேரம் உழைத்திருந்தால், ஆட்களை ஏற்றி ஓட்டும் முன் 30 நிமிஷமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். டிரைவருக்குத் தூக்கம் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு துணையாளை நியமிக்க வேண்டும். அதே 2023இல் லாரியில் ஆள் ஏற்றுவதையே நிறுத்தச் சொல்லி அங்குள்ள அமைப்புகள் கேட்டன. முழுத் தடை இப்போது சாத்தியமில்லை என்று அரசு சொன்னது.

கதையில் இந்தத் தேதிகள் எதுவும் வருவதில்லை, வரவும் தேவையில்லை. ஒரு கேள்வி மட்டும் வருகிறது. வேகம், தூரம் சம்பந்தமான கேள்வி. அவன் கணக்குப் போட்டுப் பார்க்கிறான். கனரக லாரியின் வரம்பான 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்குப் பதினேழு மீட்டர் அளவுக்கு வண்டி ஓடும். முன்வண்டியிலிருந்து இரண்டு நொடி இடைவெளி விடு என்றால் முப்பத்துமூன்று மீட்டர். விடையைக் குறித்த பிறகும் அவன் பென்சிலைக் கீழே வைப்பதில்லை. இரண்டு நொடி கண் சொருகினாலும் அதே முப்பத்துமூன்று மீட்டர்தான் என்று தாளின் ஓரத்தில் எழுதுகிறான். அதற்கு மார்க் கிடையாது. டிரைவருக்கு ஓய்வு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை, ஓட்டுநர் தேர்வில் அதற்கு விரல் மடக்கத் தேவையில்லை. தாளின் ஓரத்தில் இருக்கும் அந்தக் கணக்குத்தான் கதையின் மனசாட்சி.

இனி, கதை வழுக்கும் இடங்கள்.

அவன் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. ஆசிரியருக்கு அந்த உலகம் நன்றாகத் தெரியும், அதனாலேயே அதை எங்கே வேண்டுமானாலும் போட்டுவிடுகிறார். சாலைக் கோடுகளைப் பார்த்தால் சேலைக் கரை ஞாபகம் வருகிறது. சந்திப்பின் மஞ்சள் கட்டங்களைப் பார்த்தால் சேலைக் கட்டம். சிக்னல் விளக்கைப் பார்த்தால் சாயம். நாலைந்து பக்கத்துக்குள் இப்படி ஆறு உவமை. காஞ்சிபுரத்துப் பையன் என்றால் எதைப் பார்த்தாலும் பட்டுதான் தெரிய வேண்டும் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். ஊர்க்காரரே அப்படி எழுதும்போது, அறையில் அவனைக் 'காஞ்சிபுரம்' என்று கூப்பிடுபவர்களின் கண்ணை அவரும் வாங்கிக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது.

தறி உண்மையில் வேலை செய்யும் இடம் வேறு, அங்கே ஆசிரியர் தறி என்ற சொல்லையே எழுதவில்லை. கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் தனித்தனி நாடா. நெய்பவர் ஒரு பக்கம் உட்கார்ந்து நாடாவை விடுவார், மறுபக்கக் கரைக்கு இன்னொருவர், பெரும்பாலும் வீட்டுப் பெண்ணோ பையனோ. ஒருவர் கை நின்றால் மற்றவர் கையும் நிற்கும். இழைகள் சரியாகக் கோத்துக்கொள்ளாவிட்டால் உடலும் கரையும் சேரும் இடத்தில் இடைவெளி விழும், பிற்பாடு அந்த இடம்தான் முதலில் கிழியும். புதுக்கோட்டை அண்ணன் கேள்வி வாசிக்க, இவன் விடை சொல்ல, அவர் அடுத்த தாளைத் திருப்ப, இவன் விரலை மடக்க என்று போகும் அந்த மூன்று பக்கத்தில் இந்தத் தாளம் இருக்கிறது. சின்ன வயசில் அப்பாவுக்கு எதிரே கரை போட உட்கார்ந்தவன் என்று கதையின் தொடக்கத்தில் ஒரு வரி வந்தது. அது போதும். வாசகர் தானாகக் கோத்துக்கொள்வார். அந்த ஆறு உவமைகளையும் எடுத்துவிட்டால் இந்த ஒன்று கேட்கும்.

இரண்டாவது சிக்கல், முடிவு. பன்னிரண்டரைக்கு லைட்டை அணைக்கிறார்கள். இருட்டில் புதுக்கோட்டை அண்ணன் கேட்கிறார்:

"ஏந்தம்பி, நாளைக்கு நீ ஓட்டுறப்போ, பின்னாடி நாங்க தூங்கலாமா?"

அவன் பதில் சொல்லவில்லை. மேல் கட்டிலில் பாய் புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது.

கதை இங்கே முடிந்துவிட்டது. ஆனால் இன்னும் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. ஊரிலிருந்து அம்மா போன் பண்ணுகிறார். ஏரி நிரம்பிக் கலங்கல் போகிறது என்கிறார். பத்திரமா ஓட்டுப்பா என்கிறார். அவன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். ஏன் இந்த ஒன்றரைப் பக்கம்? அயல்நாட்டுக் கதை என்றால் கடைசியில் அம்மாவும் ஊர் ஏரியும் வந்தாக வேண்டும் என்ற பழக்கம் ஆசிரியரின் கையைப் பிடித்து எழுதியிருக்கிறது. நேரக் கணக்கும் உதைக்கிறது. சிங்கப்பூரில் பன்னிரண்டரை என்றால் தென்னேரியில் பத்து மணி. மறுநாள் பரீட்சை என்று தெரிந்த அம்மா அந்நேரத்துக்குக் கூப்பிடுவாரா?

என் மறுப்புக்குக் காரணம் அழுகை மட்டும் இல்லை. அண்ணனின் கேள்வி அவனிடம் ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறது. நேற்றுவரை கூடத் தூங்கியவன், இனி அவர்களைத் தூங்கவைத்து ஓட்ட வேண்டியவன். 'தூங்கலாமா' என்பதில் கிண்டலும் இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது, 'நீயும் அவரைப்போலத் தூங்கி வழிவாயா' என்ற பயமும் இருக்கிறது. அம்மாவின் போன் வந்தவுடன் அவன் மறுபடி பிள்ளையாகிவிடுகிறான். பத்திரமாக இருக்க வேண்டியவன் அவன் என்று ஆகிவிடுகிறது. பின்தட்டில் இருக்கும் பதினோரு பேர் கதையை விட்டு இறங்கிப்போய்விடுகிறார்கள்.

அம்மாவை முழுசாக வெட்டச் சொல்லவில்லை. அந்தப் பேச்சில் ஒரு நல்ல வரி இருக்கிறது: "அம்பதுக்கு அம்பது வாங்கிடு, பத்தாவதுல உட்டத இதுல புடிச்சிக்க." பத்தாவதில் பெயிலாகித்தான் கம்பெனி பஸ் ஏறினான் என்பது இந்த ஒரு வரியில்தான் தெரிகிறது. இந்தப் போனைச் சாயங்காலத்துக்கு, அவன் முதல் விரலை மடக்குவதற்கு முன்னால், கொண்டுபோய் வைத்தால் விரல்களுக்கு இன்னும் கனம் கூடும். ஏரிக்கு வேலை இல்லை. வேறு கதையில் வரட்டும்.

அவன் பாஸானானா என்று கதை சொல்வதில்லை. சொல்லாமல் விட்டது சரி. ஐம்பதில் நாற்பத்தைந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், மறுநாள் சாயங்காலம் லாரி வந்து இரட்டை மஞ்சள் கோட்டில் நிற்கும். ஆட்கள் ஏறுவார்கள். அவன் பின்தட்டில்தான் உட்காருவான், இன்னும் சில மாசத்துக்காவது. ஆனால் இந்த முறை கோட்டைப் பார்ப்பான், முன்னால் இருக்கும் பாயின் கண்ணைக் கண்ணாடியில் பார்ப்பான். படித்த ஒருவன் பின்தட்டில் உட்கார்ந்தால் பயணம் எப்படி மாறும் என்று அடுத்த கதையை இவர் எழுதலாம். எழுதினால், கோப்பின் பெயரையே தலைப்பாக வைத்துவிடச் சொல்லிக் கேட்பேன்.